வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் வைத்து ஷிப்ட் சார்ட் போடுவது எப்படி: ஒரு ஆட்டோகோனர் செக்‌ஷனின் முழுக் கணக்கு

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சார்ட் போடும் வேலையைப் பல வருடமாகப் பார்க்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சார்ட்டை முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் "இவருக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி" என்று ஞாபகம் வந்து, அங்கங்கே பெயரை அழித்து மாற்றுகிறார்கள். ஒரு கட்டத்தை மாற்றினால் மூன்று கட்டம் கெடும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெஷின் ஆள் இல்லாமல் நிற்கும், போன் மேல் போன் போகும்.

கீழே இருப்பது மூன்று ஷிப்டும் வாரம் ஏழு நாளும் ஓடும், நூலைக் கோனில் சுற்றும் ஓர் ஆட்டோகோனர் செக்‌ஷனுக்கான கணக்கு. பகல் 7 முதல் 3, அரை நைட் 3 முதல் 11, முழு நைட் 11 முதல் மறுநாள் காலை 7. அங்கே இரண்டு பேருக்கு நிலையான சிகிச்சை நேரம் உண்டு. ஓர் அண்ணனுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், பகல் 11 முதல் 3 வரை. ஓர் அக்காவுக்குத் தோள்பட்டைக்கு பிசியோதெரபி, புதன்தோறும் மாலை 5 மணி, மொத்தம் 10 வாரம்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு ஷிப்டுக்கும் குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும் என்ற எண் முதலில் வேண்டும். வழக்கமாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் கேட்காதீர்கள், எத்தனை பேருக்குக் கீழே போனால் மெஷின் நிற்கும் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். எங்கள் கணக்கில் அது 4.

அடுத்தது, யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்ற பட்டியல். ரிங் ஃப்ரேம் பார்க்கிறவரை ஆட்டோகோனரில் நிறுத்தினால் கட்டம் நிரம்பும், வேலை நடக்காது.

மூன்றாவது, சிகிச்சைக்குப் போகிறவரின் ஆஸ்பத்திரிச் சீட்டு. அதில் கிழமையும் நேரமும் இருந்தால் போதும். நோயின் பெயர் சார்ட் போடுகிறவருக்குத் தேவையில்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தாளில் அது ஒரு எழுத்தாகக்கூட வரக்கூடாது.

## 2. அப்பாயின்ட்மென்ட் நேரத்தை எழுதாதீர்கள், தடை நேரத்தை எழுதுங்கள்

சீட்டில் 11 முதல் 3 என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு முன்பு ஒருவர், "மூணு மணிக்கு முடிஞ்சுருதே, ஒரு மணி நேரம் லேட்டா அரை நைட் வரட்டும்" என்று போட்டுவிட்டார். அண்ணனிடமே உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

"மூணு மணிக்கு மெசினை நிறுத்துவாங்க தம்பி. அப்புறம் ஊசி எடுத்து, பஞ்சு வெச்சு அமுக்கி, ரத்தம் நின்னு, பிரசர் பாத்து எந்திரிக்கறதுக்கு மூணே முக்கால் ஆயிருமுங்க. பஸ் புடிச்சு ஊடு வந்தா அஞ்சு. வந்து படுத்தன்னா ராத்திரி சோத்துக்குத்தான் எந்திரிப்பேன்."

இவ்வளவையும் சேர்த்தால்தான் தடை நேரம் கிடைக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் நேரம், சிகிச்சை, முடிந்த பிறகு அங்கேயே இருக்க வேண்டிய நேரம், திரும்பி வரும் வழி, வந்த பிறகு வேலை செய்ய முடியாத நேரம். டயாலிசிஸ் முடிந்த அன்று பலருக்கு உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். ஆகவே அன்றைய அரை நைட்டும் போச்சு.

முந்தின இரவையும் மறக்கக்கூடாது. திங்கள் முழு நைட் பார்த்துச் செவ்வாய் காலை 7 மணிக்கு வெளியே வருகிறவர், 11 மணிக்கு ஊசி போட்டுப் படுப்பது சரியில்லை. கடைசியில் அவர் தடை நேரம் திங்கள் இரவு 11 முதல் செவ்வாய் இரவு 11 வரை, வியாழன் இரவு 11 முதல் வெள்ளி இரவு 11 வரை என்று ஆனது. அதன் பிறகு வரும் முழு நைட்டையும் அவர் உடம்பு தாங்காது. அப்படிப் பார்த்தால் முழு நைட் வாரத்தில் ஏழில் நான்கு இரவு போய்விடுகிறது. ஆகவே அவருக்கு நிலையாகப் பகல் ஷிப்ட் என்று முடிவானது. இதை அவரிடமும் டாக்டரிடமும் கேட்டே முடிவு செய்ய வேண்டும், நாமாக யூகிக்கக் கூடாது.

அக்காவுக்கு இதே கேள்விகளைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. புதன் மாலை 4 முதல் 7 வரைதான் தடை. பகல் ஷிப்ட் என்றால் 3 மணிக்கு முடித்துவிட்டுப் போகலாம். முழு நைட் என்றால் தூங்கி எழுந்து போய்விட்டு இரவு 11 மணிக்கு வரலாம். இடிப்பது அரை நைட் வாரத்தில் மட்டும். புதன் முழுவதையும் மூடி வைத்திருந்தால், மூன்றில் இரண்டு வாரம் தேவையில்லாமல் ஓர் ஆளைத் தேடியிருப்போம்.

## 3. தேவையை டூட்டிகளாக எண்ணுங்கள்

4 பேர், 3 ஷிப்ட், 7 நாள். பெருக்கினால் வாரம் 84 டூட்டி. ஒருவர் வாரத்தில் 6 டூட்டி, 48 மணி நேரம். 84-ஐ 6-ஆல் வகுத்தால் 14 பேர்.

இந்த 14 என்பது யாருமே லீவு எடுக்காத மில்லுக்கான எண். அண்ணன் 5 டூட்டிதான் பார்க்க முடியும் என்றால் மொத்தம் 83. ஒன்று குறைகிறது. அந்த ஒன்றை ஓவர்டைமில் அடைத்துவிடலாம் என்று பலர் அங்கேயே நிறுத்துகிறார்கள். வாராவாரம் வரும் பள்ளத்தை ஓ.டி. போட்டு மூடினால், இரட்டைக் கூலியும் போகும், ஓ.டி. பார்க்கிறவருக்கு ஓய்வும் போகும், அவர் லீவு போட்ட அன்று மறுபடி பள்ளம். பதினைந்தாவதாக ஒரு ரிலீவர் வேண்டும் என்று இந்தக் கட்டத்திலேயே மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள். 14 பேருக்கு 6, அண்ணனுக்கு 5 என்று மொத்தம் 89 டூட்டி. கையிருப்பு 5. அந்த ஐந்து எங்கே விழுகிறது என்று பின்னால் பார்ப்போம்.

## 4. முதலில் பெயர் இல்லாத சார்ட்

பெயர் எழுதாமல் வெறும் சீட்டுகளை, அதாவது ஆள் உட்கார வேண்டிய இடங்களை மட்டும் வைத்து ஓடும் சார்ட் ஒன்றைப் போடுங்கள். பெயர் இருந்தால், அவருக்கு இது பிடிக்காது இவருக்கு அது ஆகாது என்று மனசு அங்கேயே போய்விடும்.

எங்களுக்கு ஒத்து வந்த முறையில் எல்லோரும் திங்கட்கிழமை ஒரே நாளில் ஷிப்ட் மாறுவதில்லை. ஒவ்வொருவரும் தன் வார ஆஃபுக்குப் பிறகு மாறுகிறார். 6 நாள் பகல், ஆஃப், 6 நாள் அரை நைட், ஆஃப், 6 நாள் முழு நைட், ஆஃப். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினால், ஞாயிறு முழு நைட் பார்த்துத் திங்கள் காலை 7 மணிக்கு முடிக்கிறவர் அதே 7 மணிக்குப் பகல் ஷிப்டில் நிற்க வேண்டி வரும். ஆஃபுக்குப் பிறகு மாறினால் எப்போதும் குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி கிடைக்கும். இன்னொரு வசதி, ஒருவருடைய ஆஃப் கிழமை மாறாது. சிகிச்சைக்குப் போகிறவருக்கு இதுதான் முக்கியம்.

ஏழு பேருக்கு ஒரு வாரம் இப்படி இருக்கும். ப என்றால் பகல், அ அரை நைட், மு முழு நைட்.

| சீட்டு | தி | செ | பு | வி | வெ | ச | ஞா |
|---|---|---|---|---|---|---|---|
| திங்கள் ஆஃப் | – | அ | அ | அ | அ | அ | அ |
| செவ்வாய் ஆஃப் | அ | – | மு | மு | மு | மு | மு |
| புதன் ஆஃப் | மு | மு | – | ப | ப | ப | ப |
| வியாழன் ஆஃப் | ப | ப | ப | – | அ | அ | அ |
| வெள்ளி ஆஃப் | அ | அ | அ | அ | – | மு | மு |
| சனி ஆஃப் | மு | மு | மு | மு | மு | – | ப |
| ஞாயிறு ஆஃப் | ப | ப | ப | ப | ப | ப | – |

எந்த நாளை மேலிருந்து கீழே எண்ணினாலும் ப இரண்டு, அ இரண்டு, மு இரண்டு வரும். ஒருமுறை விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். இன்னோர் ஏழு பேரையும் இதே போலப் போட்டால் ஷிப்டுக்கு நான்கு பேர் ஆகிவிடும். இரண்டாவது ஏழு பேருக்கு, முதல் ஏழு பேரின் அடுத்த வார வரிசையை இந்த வாரமே கொடுங்கள். அப்போது ஒரே ஆஃப் கிழமை உள்ள இருவர் வேறு வேறு ஷிப்டில் இருப்பார்கள். இந்த ஒரு வார முன்னோட்டம் அக்கா விஷயத்தில் கைகொடுக்கப் போகிறது.

## 5. தடை நேரம் உள்ளவர்களை முதலில் உட்கார வையுங்கள்

இப்போது பெயர் எழுதலாம். மற்றவர்கள் எந்தச் சீட்டிலும் உட்கார முடியும், இந்த இருவரால் முடியாது. அதனால் இவர்கள் பெயர் முதலில். சீனியாரிட்டிப்படி மேலிருந்து எழுதிக்கொண்டு வந்தால், இவர்களுக்குப் பொருந்தும் சீட்டு அதற்குள் போயிருக்கும்.

அண்ணனுக்குச் செவ்வாய் ஆஃப் சீட்டு. ஆஸ்பத்திரி நாள் இரண்டில் ஒன்று ஆஃபில் விழுந்தால், வேலையில் குறைவது வெள்ளி மட்டும்.

இதைச் செய்யும் முன் அவர் சம்மதம் கேளுங்கள், தயவுசெய்து. மற்றவர்களுக்கு ஆஃப் என்றால் குலதெய்வம் கோவில், நோம்பி, சொந்தபந்தம். இவருக்கு அது ஊசி குத்திக்கொண்டு நாலு மணி நேரம் படுத்திருக்கும் நாள். எங்கள் அண்ணன், சம்பளத்தில் ஒரு நாள் மிஞ்சும் என்று தானே செவ்வாயைக் கேட்டு வாங்கினார். இன்னொருவர் வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான். அப்போது அவர் 4 டூட்டி, கையிருப்பு 5-லிருந்து 4 ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

## 6. ஒரு சீட்டுக்கு இரண்டு பேர்

அண்ணன் நிலையாகப் பகல் என்றால், அவர் சீட்டு அரை நைட்டுக்கும் முழு நைட்டுக்கும் நகரும் வாரங்களில் அங்கே யார்? புதியவர்கள் இங்கே மற்ற 13 பேரின் வரிசையைக் கலைத்து ஆளாளுக்குக் கொஞ்சம் நைட்டைக் கூட்டுவார்கள். நைட் கூடுகிறது என்று தெரிந்ததும் மனத்தாங்கல் வரும், அது நேராகப் போய் நோயாளி மேல்தான் விழும்.

அதற்குப் பதில் ரிலீவரை அண்ணனோடு ஜோடி சேருங்கள். இருவருக்கும் அதே செவ்வாய் ஆஃப் சீட்டு. மூன்று வாரத்தில் அது இப்படி ஓடும்.

சீட்டு பகலில் இருக்கும் வாரம், அண்ணன் அதில் 5 நாள் நிற்கிறார். வெள்ளி அன்று ரிலீவர் நிற்கிறார். ரிலீவரின் மீதி 5 டூட்டி யாராவது லீவு போட்டால் அடைக்க.

சீட்டு அரை நைட்டிலும் முழு நைட்டிலும் இருக்கும் இரண்டு வாரம், ரிலீவர் அதில் 6 நாளும் நிற்கிறார். அண்ணன் பகல் ஷிப்டில் ஐந்தாவது ஆளாக வருகிறார். அவருடைய 5 டூட்டிதான் அந்த வாரத்தின் கையிருப்பு. வெள்ளிக்கு ஆள் தேடவே வேண்டாம்.

ரிலீவருக்கும் மூன்றில் ஒரு வாரம்தான் முழு நைட். மற்ற யாருக்கும் ஒரு நைட் கூடவில்லை. இதை எல்லோரையும் கூப்பிட்டு சார்ட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், நோயைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

அண்ணனையே ஸ்பேர் ஆளாகப் போட்டு, தேவைப்படும் ஷிப்டுக்கெல்லாம் கூப்பிடலாமே என்ற யோசனை அடிக்கடி வருகிறது. ஸ்பேர் ஆள் எந்த நேரமும் எந்த ஷிப்டுக்கும் தயாராக இருக்க வேண்டியவர். நேரம் கட்டிப்போட்ட ஒருவருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. ஐந்தாவது ஆளாக வரும் வாரத்திலும் அவருக்குப் பகல் மட்டும்தான்.

அப்படியானால் நைட்டில் ஒருவர் நாலைந்து நாள் லீவு போட்டால்? பகலில் இருக்கும் ஒருவரை அன்றிரவே நைட்டுக்கு நகர்த்தி, பகலில் அவர் இடத்தில் அண்ணனை வையுங்கள். நகர்ந்தவர் தன் ஆஃப் வரை நைட்டிலேயே இருக்கட்டும். ஒரு நாள் நைட், மறுநாள் பகல் என்று இழுக்காதீர்கள்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. செவ்வாய் இருவருக்கும் ஆஃப். வெள்ளி ஒரு வாரம் ரிலீவர் ஏற்கெனவே சீட்டில் இருக்கிறார், மற்ற இரண்டு வாரம் அண்ணன் இல்லை. ஆக, செவ்வாயிலும் வெள்ளியிலும் கையிருப்பு பூஜ்யம். அந்த இரண்டு நாளில் முன்கூட்டிக் கேட்கும் லீவை, பக்கத்து செக்‌ஷனில் ஆள் உறுதியான பிறகே கொடுங்கள். பண்ணாரி குண்டம் மாதிரி ஊரே கிளம்பும் நோம்பி செவ்வாயை ஒட்டி வந்தால், ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேச வேண்டும்.

## 7. அக்காவின் புதன்கிழமை

அக்காவுக்கும் செவ்வாய் ஆஃப் சீட்டையே கொடுத்தோம், முதல் ஏழு பேரில். புதன் ஆஃப் கொடுத்திருந்தால் கணக்கு இன்னும் சுலபம். ஆனால் பத்து வாரத்துச் சிகிச்சைக்காக, மாமியாரை மருந்துக்குக் கூட்டிப்போகும் அவருடைய செவ்வாயைப் பிடுங்க மனசு வரவில்லை.

இடிப்பது, செவ்வாய் ஆஃப் முடிந்து அரை நைட் தொடங்கும் புதன் ஒன்றுதான். பத்து வாரத்தில் அது மூன்று அல்லது நான்கு முறை வரும். அன்று மட்டும் ஒருவரோடு ஷிப்ட் மாற்ற வேண்டும். யாரோடு என்பதில்தான் தவறு நடக்கிறது.

கண்ணில் பட்ட பகல் ஷிப்ட் ஆளோடு மாற்றினால், அவர் புதன் இரவு 11 மணிக்கு முடித்து வியாழன் காலை 7 மணிக்கு மறுபடி வர வேண்டும். நடுவில் 8 மணி நேரம், அதில் வண்டிக்குக் காத்திருப்பதும் வழியும் போக அவர் தூங்குவது நாலைந்து மணி நேரம். ஆட்டோகோனரில் அப்படி வந்து நிற்கும் ஆளை ஸ்ப்ளைஸ் சரியில்லாத கோன்களிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மாற்ற வேண்டியது வியாழன் ஆஃப் உள்ளவரோடு. இரண்டாவது ஏழு பேரை ஒரு வாரம் முன்னால் வைத்தோம் அல்லவா? அதனால் அக்கா அரை நைட் தொடங்கும் அதே புதன், அங்கே வியாழன் ஆஃப் உள்ளவருக்குப் பகலின் கடைசி நாள். அவர் புதன் அரை நைட் பார்த்துவிட்டு வியாழன் ஆஃபில் தூங்கலாம். அக்கா ஆஃப் முடிந்து புதன் பகல் பார்த்து, 3 மணிக்கு நேராக பிசியோதெரபிக்குப் போய், வியாழன் மாலை 3 மணிக்கு அரை நைட் வரலாம். இருவருக்கும் இடைவெளி 24 மணி நேரத்துக்குக் கீழே போகவில்லை. எந்தெந்தப் புதன் என்று பத்து வாரத்துக்கும் முதல் நாளே எழுதி இருவரிடமும் கொடுத்துவிட்டோம்.

## 8. ஒட்டும் முன் இரண்டு சோதனை

எக்செல்லில் வைத்திருந்தால், ஒவ்வொரு நாளின் அடியிலும் மூன்று ஷிப்டுக்கும் எண்ணிக்கை வர வேண்டும். 15 பேர் B2 முதல் B16 வரை இருந்தால்:

```
=COUNTIF(B2:B16,"ப")
=COUNTIF(B2:B16,"அ")
=COUNTIF(B2:B16,"மு")
```

எல்லாம் 4 என்று வர வேண்டும். கூடுதல் ஆளாக வரும் டூட்டியை "கூ" என்று குறியுங்கள். அதையும் ப என்று போட்டால் 5 என்று காட்டும், பிறகு உண்மையான தப்பு கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது சோதனை இடைவெளிக்கு. அடுத்தடுத்த கட்டங்களில் மு-ப, மு-அ, அ-ப மூன்றும் வரக்கூடாது:

```
=IF(OR(B2&C2="முப",B2&C2="முஅ",B2&C2="அப"),"X","")
```

X வந்த இடத்தைச் சரி செய்யாமல் தாளை ஒட்டாதீர்கள். மாத முடிவில் அடுத்த மாதத் தாளின் முதல் நாளையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் மாறும் இடத்தில்தான் நான் அதிகம் கோட்டை விட்டிருக்கிறேன், ஏனென்றால் இரண்டு கட்டமும் வேறு வேறு தாளில் இருக்கும்.

## 9. ரிலீவரே வராத வெள்ளிக்கிழமை

சீட்டு பகலில் இருக்கும் வாரம் வெள்ளி காலை 5:30 மணிக்கு ரிலீவர் காய்ச்சல் என்று போன் செய்கிறார். அப்போது யோசிக்கத் தொடங்கினால், முழு நைட் முடித்து வெளியே வருகிற யாரையாவது "இன்னைக்கு மட்டும் நின்னுக்கறீங்களா" என்று கேட்கத்தான் தோன்றும். அது 16 மணி நேரம். அதைச் செய்யாதீர்கள்.

கூப்பிட வேண்டிய வரிசை முன்பே எழுதி மேஸ்திரியிடம் இருக்கட்டும். முதலில், பக்கத்து செக்‌ஷனில் ஆட்டோகோனர் தெரிந்தவர். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் மூன்று பேரை வைத்து ஓட்டுங்கள், சில டிரம்களை நிறுத்தி வையுங்கள். எந்த மெஷினில் எத்தனை என்பதையும் மேஸ்திரி முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். இந்த வரிசையில் அண்ணன் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. டயாலிசிஸைத் தள்ளிப்போடச் சொல்வது யாராலும் கேட்கக்கூடாத உதவி.

## 10. சம்பளப் பக்கத்தையும் அதே நாளில் முடியுங்கள்

அந்த வெள்ளிக்கிழமைகள் வருகைப் பதிவேட்டில் என்னவென்று ஏறும்? இதை டைம் ஆபீசில் முதலிலேயே பேசாவிட்டால் "ஆப்சென்ட்" என்று ஏறிவிடும். மாதம் நாலு ஆப்சென்ட் விழுந்தால் அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் போய்விடும். ஒரு மாதம் அண்ணனுக்கு அப்படித்தான் போனது, அவர் வெளியே சொல்லவும் இல்லை. சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அனுமதித்த விடுப்பு என்று தனிக் குறி வைத்து, இன்சென்டிவ் கணக்கில் அது தொடாதபடி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈஎஸ்ஐ உள்ளவர் என்றால், ஈஎஸ்ஐ டாக்டரிடம் அந்தந்த நாளுக்குச் சான்றிதழ் வாங்கினால் நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம். வெள்ளிகள் ஆண்டுக்கு 52 என்பதால் அந்த எண்ணுக்குள் அடங்கும். வழக்கமாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆனால் முந்தைய முறை பணம் கிடைத்திருந்து, அந்தச் சான்றிதழ் முடிந்து 15 நாளுக்குள் அடுத்தது தொடங்கினால் அந்தக் கழிவு மறுபடி வராது. அதனால் ஒரு வாரச் சான்றிதழையும் விட்டுவிடாமல் தொடர்ச்சியாக வாங்கச் சொல்லுங்கள். அவருடைய பங்களிப்பு நாட்கள் போதுமா என்பதைக் கிளை அலுவலகத்தில் அவரே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

## 11. சார்ட்டை எப்போது மறுபடி திறப்பது

அக்காவின் மாற்றத்துக்கு முடிவு தேதியைச் சார்ட்டிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் சிகிச்சை முடிந்தும் மாற்றம் ஓடிக்கொண்டே இருக்கும், வியாழன் ஆஃப் உள்ளவர் முணுமுணுப்பார்.

அண்ணனுடையதற்கு முடிவு தேதி இல்லை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைக் கேட்க வேண்டும். டயாலிசிஸ் யூனிட்டில் நேரம் மாறலாம், வாரம் இரண்டு முறை என்பது மூன்றாகலாம். மூன்றானால் அவர் 4 டூட்டி, கையிருப்பு 4. கையிருப்பு இல்லாத நாட்களும் செவ்வாய், வியாழன், சனி என்று மூன்றாகும். அப்போது பாகம் 2-லிருந்து மறுபடி தொடங்குங்கள், பழைய சார்ட்டில் கட்டத்தை அழித்து எழுதாதீர்கள். அவருக்குக் காலையில் முதல் நேரம் கிடைத்தால் சொல்லும்படி யூனிட்டில் பெயர் கொடுத்து வைத்திருக்கிறார். கிடைத்தால் அரை நைட் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.